உள்ளங்காலும் ஏழாம் நம்பரும்

கடைத்தெருவில் அவருக்கு ஏழாம் நம்பர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதிர்க்கடைக்காரனே முழிப்பான். செருப்புக் கடை முதலாளியான அவருடைய பாதம் அசலில் எட்டரை. ஆனால் முப்பத்தெட்டு வருஷமாக அவர் போட்டுக்கொண்டிருந்தது ஏழாம் நம்பர் கறுப்புத் தோல் ஷூ. பெரிய கால் உள்ளவனுக்குப் புத்தி சின்னது என்பது அவர் கண்டுபிடித்த விஞ்ஞானம். அத்தாட்சிக்கு மச்சினனைக் காட்டுவார். மச்சினனுக்குப் பதினொன்று.

மனிதர்களை அவர் முகம் பார்த்து எடை போட்டதே கிடையாது. வாசலில் கால் வைக்கும்போதே குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். இவன் பெண்டாட்டிக்குப் பயந்தவன், இவன் ஆபீசில் தூங்குகிறவன் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு ஆகிவிடும். ஒருமுறை ஒருவனுடைய இடது குதிகாலைப் பார்த்து உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றாராம். அவன் ஓடிப்போய்ப் பார்த்தால் ஒழுகிக்கொண்டிருந்ததாம். அன்றைக்கு மழையே இல்லை என்பதையும் அவரேதான் சேர்த்துச் சொல்வார்.

வியாபாரத்துக்கு அவர் வைத்திருந்தது ஒரே ஒரு வார்த்தை: பழகிடும். விரல் மடங்கிக் கிடந்தாலும் பழகிடும், குதிகால் பிதுங்கினாலும் பழகிடும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப்போன ஒருத்தர் திரும்பி வந்து இன்னும் கடிக்கிறதே என்றார். இவர் ஷூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படி அவசரப்பட்டால் எப்படி என்று கேட்டு அனுப்பினார்.

இப்பேர்ப்பட்டவருக்குக் குடலில் கட்டி வந்தது. அறுத்து எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் புற்றுநோய்ப் பிரிவில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் நாலு, ராத்திரி நாலு, சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள். பதினாலு நாள் விழுங்க வேண்டும், ஏழு நாள் சும்மா இருக்க வேண்டும். அது ஒரு சுற்று. அப்படி எட்டுச் சுற்று.

எட்டையும் ஒரு மாத்திரை குறையாமல் முடித்துவிடுவது என்று அவர் சபதம் எடுத்தார். வெளியே வீறாப்பாகத்தான் சொன்னார். உள்ளே இருந்தது பயம். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்று வயிற்றில் எங்காவது ஒளிந்திருந்து, நாம் ஒரு வேளை அசந்தால் தலையைத் தூக்கிவிடுமோ என்ற பயம். அந்த ஏழு நாள் ஓய்வே அவருக்குப் பிடிக்கவில்லை. அது ஆஸ்பத்திரிக்காரர்களின் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினார்.

மாத்திரையைப் பற்றி விளக்குவதற்கென்று அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தாள். காலில் ஓட்டை போட்ட ரப்பர் செருப்பு. அதைப் பார்த்த மாத்திரத்தில், இவள் சொல்வதைக் காதில் வாங்க வேண்டிய அவசியமில்லை என்று ஏழாம் நம்பருக்குத் தெரிந்துபோனது. அவள் பாட்டுக்குச் சொன்னாள். இந்த மாத்திரையால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, உரியலாம். முதல் நாளிலிருந்தே களிம்பு தடவுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கை வைக்காதீர்கள். இறுக்கமான ஷூ வேண்டாம், அழுத்திப் பிடிக்கிற வேலை வேண்டாம், ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். சிவந்து வலித்தால் அடுத்த வேளையை விழுங்கும் முன் எனக்குப் போன் பண்ணுங்கள்.

செருப்புக் கடைக்காரனிடம் இறுக்கமான ஷூ போடாதே என்கிறாள் என்று அவர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மூக்கால் சிரித்தார். களிம்பு டப்பாவில் யூரியா என்று போட்டிருந்தது. நான் என்ன வயலா என்று மனைவியிடம் கேட்டார். டப்பா கடைக்குப் போனது. கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த ஷூக்களுக்கெல்லாம் அதைப் பூசினார். நல்ல பளபளப்பு வந்தது. அந்த மாதம் முழுக்க நகரத்திலேயே மிருதுவான தோல் அந்த ஷூக்களுடையதுதான். முதலாளியுடையது அல்ல.

முதல் சுற்றில் உள்ளங்கை குறுகுறுத்தது. இரண்டாவதில் சிவந்து தடித்தது. மூன்றாவது சுற்றுக்கு முன் நர்ஸம்மா கையைக் காட்டச் சொன்னபோது, கடைக்காரன் கை அப்படித்தான் இருக்கும், நீ உன் வேலையைப் பார் என்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அந்த ஏழு நாள் ஓய்வில் சிவப்பு கொஞ்சம் தணிந்திருந்தது. அவளும் சந்தேகத்தோடுதான் விட்டாள்.

மூன்றாவது சுற்றின் ஒன்பதாம் நாள். காலை நாலு மாத்திரையும் உள்ளே போயாகிவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட அவரால் முடியவில்லை. விரல் நுனி பட்டாலே நெருப்புத் துண்டைத் தொட்ட மாதிரி இருந்தது. உள்ளங்காலில் கொப்புளம் கட்டி, குதிகாலில் தோல் தாள் தாளாகக் கிளம்பியிருந்தது. அப்படியும் மனிதர் ஏழாம் நம்பருக்குள் காலை நுழைத்துவிட்டார். எப்படி நுழைத்தார் என்பதை அவர் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சொல்கிறவர் இதை மட்டும் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி வந்து, மேலிருந்து கீழாக ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள். இவர் பக்கத்தில் நின்று சைகையில் தடுத்துப் பார்த்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, கை கால் இரண்டும் வெந்தது மாதிரி இருக்கிறது, ஆள் மட்டும் வேகவில்லை என்று விவரம் சொன்னாள். ராத்திரி மாத்திரையைத் தொடக் கூடாது, உடனே அழைத்துவாருங்கள் என்று பதில் வந்தது.

பரிசோதனை அறையில் ஷூவைக் கழற்ற ஒரு ஆள் போதவில்லை. நர்ஸம்மா ஒரு காலைப் பிடித்தாள், மனைவி நாற்காலியைப் பிடித்தாள். காலுறையோடு கொஞ்சம் தோலும் வந்தது. நர்ஸம்மா ஷூவின் அடியைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். அப்புறம் பாதத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"அது கிடக்குது. பழகிடும்னு விட்டுட்டேன்."

"எது பழகும்?"

"தோல்தான்."

"சார், செத்துப்போன தோல்தான் பழகும். இது உங்க தோல்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது அழுகையால் அல்ல.

டாக்டர் வந்து கொப்புளத்தில் சீழ் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. நடக்க முடியவில்லை, பொத்தான் போட முடியவில்லை என்றால் இது மூன்றாம் படி, இதற்கு மேல் படி கிடையாது என்றார். மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொன்னார். வீக்கத்துக்கு ஒரு களிம்பும், வலிக்கு மாத்திரையும், குளிர்ந்த தண்ணீர் ஒத்தடமும் சொன்னார். தோல் ஆறிய பிறகு நாலுக்குப் பதில் வேளைக்கு மூன்று என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

தள்ளுபடி மருந்து என்றார் ஏழாம் நம்பர். முப்பத்தெட்டு வருஷம் கடை நடத்தியவனுக்குத் தெரியாதா, பழுதான சரக்கைத்தான் குறைத்துக் கொடுப்பார்கள், என்னைப் பழுது என்று ஒதுக்கிவிட்டீர்கள் என்றார். டாக்டருடைய குதிகால் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது, அப்படிப்பட்டவன் எதையும் பாதிதான் கொடுப்பான் என்றார். நர்ஸம்மா அவர் காலில் மருந்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முகத்தில் அவர் முப்பத்தெட்டு வருஷமாக வாடிக்கையாளர்களைப் பார்த்த அதே பார்வை இருந்தது. தன்மேல் அது விழுவது அவருக்கு முதல் தடவை.

"அவ்வளவு மருந்து உங்களுக்குப் பெரிய சைஸ், அவ்வளவுதான். முதல்ல எல்லாருக்கும் உயரம், எடை பார்த்துக் கணக்குப் போட்டுத் தர்றோம். அப்புறம் கையும் காலும் சொல்றதைக் கேட்டுக் குறைக்கறோம். நீங்க அதுங்களைப் பேசவே விடல."

அவர் மனைவிக்குக் கேட்காத குரலில், "மூணு போதுமா?" என்றார்.

அதில் மட்டும் கிண்டல் இல்லை. நர்ஸம்மாவும் கிண்டல் பண்ணவில்லை.

"இதுக்காக அளவைக் குறைச்சு, கடைசி வரைக்கும் போனவங்க அதனால மோசமாப் போனதா நாங்க பார்க்கல. வலியை மறைச்சு, தாங்க முடியாம நடுவுல மொத்தமா விட்டவங்களைப் பத்தி என்னால அப்படிச் சொல்ல முடியாது."

இரண்டு வாரத்தில் புண் ஆறியது. அந்த இரண்டு வாரமும் ஏழாம் நம்பர் சாதுவாக இருந்தார். மனைவி களிம்பு பூச வந்தால் காலை நீட்டினார். அவள் அதை அழுத்தித் தேய்க்காமல் மெதுவாகப் பூசினாள். குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கச் சொன்னால் வைத்தார். இவ்வளவு சாதுவாக அவர் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை என்பதால் மனைவி உஷாரானாள்.

மறுபடி போனபோது நர்ஸம்மா உள்ளங்கையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். லேசான சிவப்பு, வலி இல்லை. வேளைக்கு மூன்று ஆரம்பிக்கலாம் என்றாள். அன்றைக்கு நிறுத்தினோமே, அந்தச் சுற்றில் மிச்சமான மாத்திரை எங்கே என்று கேட்டாள்.

"அது அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சு."

மனைவி பைக்குள்ளிருந்து ஒரு ஷூப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே நாற்பத்து நாலு மாத்திரை, அட்டையோடு. கட்டிலுக்கடியில் இருந்தது என்றாள். ஒவ்வொரு வேளையும் மூன்றோடு ஒன்றிரண்டு சேர்த்துப் போட்டு, விட்டுப்போனதைப் பிடித்துவிடலாம் என்று ஐயா திட்டம் போட்டிருந்ததையும் சொன்னாள். தூக்கத்தில் அவரே வாய்விட்டுக் கணக்குப் போட்டாராம்.

நர்ஸம்மா பெட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். விட்ட மாத்திரை விட்டதுதான், அதை யாரும் துரத்திப் பிடிப்பதில்லை என்றாள். சேர்த்து விழுங்கியிருந்தால் கை கால் மட்டுமல்ல, வாய் புண்ணாகி, வயிறு பிய்த்துக்கொண்டு போய், ரத்த அணு குறைந்து, இங்கேயே ஒரு கட்டிலில் படுத்திருப்பீர்கள் என்றாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க கடையில ஒருத்தர் ஒரே கால்ல ரெண்டு ஷூ போட்டா என்ன சொல்வீங்க?"

முட்டாள் என்று சொல்வேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வேறு எந்தப் பதிலும் தெரியாது என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

ஒன்பதாம் நம்பர் மெத்தைச் செருப்பில் அவர் கடைக்கு வந்த அன்று கடைத்தெருவே எட்டிப் பார்த்தது. உட்கார்ந்தபடியே வியாபாரம் பண்ணினார். ஷூ போட்டுவிடும் வேலையை வாடிக்கையாளர்களிடமே விட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், நாலு மாத்திரையால் தன்னைத் தாங்க முடியவில்லை என்றும், ஒன்று பாதி வழியில் மயங்கி விழுந்துவிட்டது என்றும், ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து கெஞ்சியதால் மூன்றுக்கு இறங்கி வந்ததாகவும் சொன்னார். மச்சினன் அதை நம்பினான். பதினோராம் நம்பர்க்காரன் வேறென்ன செய்வான்.

நாலாவது சுற்றின் ஆறாம் நாள் மத்தியானம். கடையில் துணைக்கு இருந்த மனைவி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். ஏழாம் நம்பர் கடைக் கதவை உள்ளே சாத்திவிட்டு, வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். வலது கட்டை விரலடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. அழுத்தினார். வலிக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் கண்ணாடியில் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் போனில் நம்பர்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

நர்ஸம்மா எடுத்தாள். அவர் ஹலோ சொல்லவில்லை.

"வலது கை, கட்டை விரலுக்குக் கீழ. சிவப்பு. வலி கிடையாது. பொத்தான் நானே போட்டேன்."

அவள் உரிந்திருக்கிறதா, மரத்திருக்கிறதா, நடக்க முடிகிறதா என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்வது மாதிரிச் சொன்னார். மூன்றையே தொடருங்கள், களிம்பைக் கூடுதலாக இரண்டு தடவை, நாளைக்கு இதே நேரம் மறுபடி கூப்பிடுங்கள் என்றாள். சீக்கிரம் சொன்னது ரொம்ப நல்லது என்றும் சொன்னாள்.

"உன்கிட்ட சர்டிபிகேட் கேக்கல, தகவல் சொன்னேன்" என்று ஏழாம் நம்பர் போனை வைத்தார். வைத்துவிட்டு, நாளைக்கு இதே நேரம் என்பதை மறந்துவிடாமலிருக்க, ஒரு அட்டைப் பெட்டியின் மூடியில் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவுக்கு எதிரே சாய்த்து வைத்தார்.