புவனேஸ்வரனைத் தேடியவர்கள்

பின்னணிச் சோதனையில் சிக்கல் என்று சொல்லி, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை குமுதினிக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. என்ன சிக்கல் என்று மின்னஞ்சலில் ஒரு வார்த்தை இல்லை.

“விட்டுடுலா, வேற வேலை தேடலாம்,” என்றான் அண்ணன் தினேஷ்வரன்.

“நான் என்ன திருடுனேனா? ஏன்னு சொல்லட்டும்.”

உடனே எழுதினாள். காரணம் என்ன? சோதனை அறிக்கையின் நகல் கிடைக்குமா? அதில் தவறு இருந்தால் மறுபரிசீலனைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

மறுநாள் பதில் வந்தது. அவள் முன்பு வேலை செய்ததாகச் சொன்ன ஆயர் குரோவில் உள்ள அலுவலகத்தில் ‘மிஸ் புவனேஸ்வரன்’ என்று யாரும் இருந்ததே இல்லையாம். பின்னணிச் சோதனை செய்த நிறுவனத்தின் படிவம் குடும்பப் பெயர் கேட்டிருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டிருந்தாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் தட்டச்சு செய்தாள்:

“புவனேஸ்வரன் என் அப்பா. அவர் லாரி ஓட்டுகிறார். அந்த அலுவலகத்தில் கணக்கு பார்த்தவள் குமுதினி. என் ஐசி அடையாள அட்டை எண்ணைச் சொல்லி மறுபடியும் விசாரியுங்கள். அறிக்கையைத் திருத்தி எனக்கும் அனுப்புங்கள். அதுவரை அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.”

“கடைசில ‘சிரமத்துக்கு மன்னிக்கவும்’னு போடு,” என்றான் அண்ணன்.

“அத அவங்க போடட்டும்,” என்று சொல்லிவிட்டு மின்னஞ்சலை அனுப்பினாள்.