ஃப்ரீசர் பாக்ஸ் கடையின் முதல் பதில்

மணவாளன் சிதம்பரத்தில் சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுகிறார். கடையின் வாட்ஸ்அப்பில் முதன்முறை எழுதுபவர்களுக்குத் தானாகப் போகும் பதிலில், செயலி தந்த வாசகமே இருந்தது: ‘தொடர்பு கொண்டதற்கு நன்றி!’ அதைப் படித்த ஒரு வீட்டார் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

“செத்த சேதி சொன்னா நன்றியா சொல்லுவீங்க?” என்றாள் மனைவி அமிர்தம்.

“வாங்கன்னு போடட்டா?”

“சாவு வூட்லயே யாரும் வாங்கன்னு சொல்றதில்ல.”

பிறகு அவர் மாற்றி எழுதினார்: ‘நாங்க இருக்கோம். எங்க வரணும்?’

மறுநாள் காலை கடலூரிலிருந்து ஒருவர், ‘அப்பா தவறிட்டார்’ என்று அனுப்பினார். பதில் தானாகப் போனது. உடனே முகவரி வந்தது. அதன் கீழே, ‘நன்றி.’

“பாத்தியா, அவுங்களே சொல்றாங்க,” என்றார் மணவாளன்.

“அவுங்க சொல்லலாம்,” என்றாள் அமிர்தம்.