மூன்று முற்றத்தில் ஒரு தாங்கி

கொடுத்ததை ஊருக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாத ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள்தான். ஆனால் தீவுப்பகுதியிலிருந்து கனடாவுக்குப் போய்ச் சங்கம் கட்டியிருக்கும் சிலருக்கு அது வருத்தமாகவே பிடித்துவிட்டது, மருந்தில்லாத நோய். ஒரு வாளி கொடுத்தாலும் வாங்கியவர் வாளிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும், பின்னால் சங்கத்தின் பதாகை தொங்கவேண்டும், படம் பேப்பரில் வரவேண்டும். வேலணையிலிருந்து வரும் 'தீவக வாரம்' பத்திரிகையில் படங்களைச் சரிபார்த்துப் பக்கத்தில் ஏற்றுவது சயந்தினியின் வேலை. இந்த வாளிகளையும் பதாகைகளையும் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண்ணே கசந்துபோயிருந்தது.

அந்தக் கிழமை அச்சுக்குப் பக்கம் மூடும் நாளில் புங்குடுதீவு நிருபர் ரஜீபன் மூன்று படங்களை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். இவன் நிருபர் மட்டுமில்லை, அந்தச் சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளரும் இவன்தான். செய்தியை உண்டாக்குவதும் இவன், எழுதி அனுப்புவதும் இவன். வெட்கம் என்ற சாமானை இவன் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை.

மூன்று படத்திலும் ஒவ்வொரு பெண். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கி. கீழே அவன் எழுதிய குறிப்பு: 'வறட்சியால் அவதியுறும் புங்குடுதீவு இறுப்பிட்டியைச் சேர்ந்த மூன்று குடும்பங்களுக்குக் குடிநீர்த் தாங்கிகள் வழங்கிவைக்கப்பட்டன.'

சயந்தினி முதற் படத்தைக் கணினியில் பெருப்பித்தாள். தாங்கியின் மூடிக்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்பு உரசிய தடம் ஒன்று, வால் அறுந்த பல்லிபோல. இரண்டாவது படத்தைத் திறந்தாள். அங்கேயும் பல்லி. மூன்றாவதில் அது விளிம்போரமாக ஒதுங்கிக் கிடந்தது, ஆனால் அதே பல்லிதான்.

"வெட்டி ஒட்டியிருக்கிறான்" என்று அவள் சொன்ன சொல்லில் எச்சில் துப்பாத குறைதான். "மூளை கெட்டவன். ஒட்டுறதெண்டாலும் கறையைத் துடைச்சுப்போட்டெல்லோ ஒட்டவேணும்."

ஆசிரியர் தயாபரன் தன் கதிரையிலிருந்து எழும்பவில்லை. அந்தச் சங்கம் அடுத்த மாதத்துக்கு முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் தருவதாகச் சொல்லியிருந்தது. அதை நினைத்தால் அவருக்கு முழங்கால் தானாக மடங்கும்.

"பிள்ளை, அவசரப்படாதையும். ஒரே கொம்பனித் தாங்கியெண்டால் எல்லாம் ஒரேமாதிரித்தான் இருக்கும்."

"அச்சிலை வாற வரியெல்லாம் ஒரேமாதிரி இருக்கும் சேர். மதிலிலை உரசின சுண்ணாம்பு எந்தக் கொம்பனியிலையும் வாறேல்லை."

வாட்ஸப் படத்தை நசுக்கித்தான் அனுப்பும். ஒட்டிய விளிம்பு தெரிகிறதா என்று பெருப்பித்தால் கட்டம் கட்டமாக உடையும். படம் எப்போது எடுத்தது, எதால் எடுத்தது என்ற விபரமும் அதில் மிஞ்சாது. ஆகவே கமராவிலுள்ள மூலப்படங்களை அப்படியே கொண்டுவா என்று ரஜீபனுக்குச் சொன்னாள். அவன் வரமாட்டான், ஏதாவது சாட்டுச் சொல்லுவான் என்றுதான் நினைத்திருந்தாள். மத்தியானத்துக்குள் மோட்டார்சைக்கிளில் வந்து, கமராவின் நினைவட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"நல்லாப் பாருங்கோ அக்கா. வடிவாப் பாருங்கோ."

பார்த்தாள். கோப்புகளில் கமராவின் பெயர் இருந்தது. எந்தத் திருத்தும் செயலியின் பெயரும் இல்லை. மூன்றும் ஒரே காலையில், கொஞ்ச நேர இடைவெளிவிட்டு எடுத்தவை. அந்த விபரங்களை மாற்றவும் ஏலும் என்பதால் அவள் அதோடு விடவில்லை. தாங்கியின் விளிம்பைப் பெருப்பித்தாள். ஒட்டின பொருளைச் சுற்றி வழக்கமாகத் தெரியும் கீறலோ மங்கலோ இல்லை. தாங்கியின் நிழலும் பெண்ணின் நிழலும் ஒரே பக்கம் விழுந்தன, வெயில் ஏற ஏற இரண்டும் சேர்ந்தே குறுகின. ஒட்டவில்லை. ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

தயாபரனின் முகத்தில் விளக்குக் கொளுத்தினாப்போல் ஒரு வெளிச்சம். "படம் சுத்தம். அப்ப ஏத்தும்."

"இப்ப என்ன சொல்லுறியள் அக்கா" என்றான் ரஜீபன். பல்லெல்லாம் தெரிந்தது.

சயந்தினிக்கு முகம் சுட்டது. இந்தப் பயலுக்கு முன்னால் பிழைபட்டுப்போனதுதான் அவளைக் கொன்றது. சொன்னதைத் திரும்ப விழுங்கிக்கொண்டு மூன்று படத்தையும் அருகருகே வைத்தாள். முதற் படத்தில் சுண்ணாம்பின்மேல் இளவெயில், மூன்றாவதில் மூடியின் நிழல் அதற்குமேல் விழுகிறது. தாங்கியும் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. அதாவது அந்தப் பல்லி உண்மையாகவே மூன்று முற்றத்திலும் நின்றிருக்கிறது. அட, ஒட்டினால்தான் பொய்யா? தாங்கியை ஏற்றி இறக்கினாலும் பொய்தானே.

"தம்பி, இது ஒரே தாங்கி. வீடு வீடாக் கொண்டுபோய் வைச்சு எடுத்திருக்கிறீர்."

பல் மறைந்தது. "மற்றது வருகுது அக்கா. எல்லாருக்கும் வரும்."

"வழங்கப்பட்டன எண்டெல்லோ எழுதியிருக்கிறீர். அந்த ஆக்களின்ரை போன் நம்பர் தாரும்."

"அவையளிட்டைப் போன் இல்லை."

இந்தக் காலத்தில் இறுப்பிட்டியில் மூன்று வீட்டிலும் போன் இல்லையாம். சயந்தினி தலையில் அடித்துக்கொள்ளவில்லை, ஸ்கூட்டியின் திறப்பை எடுத்தாள். படத்தில் ஒன்றும் பிழையில்லாமல் குறிப்பில் பிழை இருந்தால், படத்தில் நிற்கிற ஆளைக் கேட்பதைவிட வேறு வழியில்லை.

கடலுக்கு நடுவே போகும் புங்குடுதீவுப் பாலத்தில் சோளகக் காற்று ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. போகும் வழியெல்லாம் அவள் ரஜீபனைத் திட்டினாள், பிறகு தயாபரனைத் திட்டினாள், அதற்கும் பிறகு முன்பின் தெரியாத சங்கத் தலைவரைத் திட்டினாள். இறுப்பிட்டியில் படத்தைக் காட்டிக் கேட்டதும் யோகம்மாவின் வீட்டை உடனே காட்டினார்கள்.

யோகம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். படத்தில் நின்ற அதே முற்றத்தில் தாங்கி இல்லை. பெயின்ற் வாளிகளும் பழைய கான்களும் ஒரு வளைந்த குடமும் வேலியோரம் அடுக்கியிருந்தன. பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் வண்டி வரும்போது தாங்கி உள்ளவர்களுக்குத் தாங்கி நிறைய ஊற்றும். இல்லாதவர்களுக்கு இருக்கிற ஏனங்களில் பிடிக்கிறதுதான்.

"தாங்கி எங்கை அம்மா?"

"படம் எடுத்து முடிய லாண்ட்மாஸ்டர் உழவு மிசினிலை ஏத்திக்கொண்டு போட்டினம். ஆரோ கடைக்காரரிட்டை இரவலா எடுத்ததாம்."

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். படம் பேப்பரிலை வந்தால்தான் கனடாச் சனம் காசு அனுப்புமாம், காசு வந்தால்தான் தாங்கி வருமாம். சிரிக்கவும் சொன்னவை. சிரிச்சனான்."

படத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. நன்றியில் மலர்ந்த முகம் என்று வேறு ரஜீபன் எழுதியிருந்தான். இரவல் தாங்கி, இரவல் சிரிப்பு, நாளைக்கு இதைக் கனடாவில் ஒரு மண்டபத்துத் திரையில் போட்டுக் கைதட்டுவார்கள்.

"இதிலை உங்களுக்கு ஒரு வில்லங்கம் இருக்குது அம்மா" என்றாள். "பிரதேச செயலகம் குடுக்கப்போற தாங்கிக்கும் உங்கடை பேர் போயிருக்கெல்லோ?"

"ஓம். எங்கடை கிராமத்து விதானையார் எழுதிக்கொண்டு போனவர்."

"உங்களுக்குத் தாங்கி கிடைச்சிட்டுதெண்டு பேப்பரிலை வந்தால், வேறை ஆளுக்குக் குடுப்பமெண்டு உங்கடை பேரை வெட்டுவினம்."

யோகம்மா படியில் குந்தினாள். படம் வந்தால் அரசாங்கத் தாங்கி போய்விடும். வராவிட்டால் கனடாத் தாங்கி வராது. மூன்று நாளைக்கொருமுறை வரும் பவுசருக்கு முன்னால் குடத்தோடு ஓடுகிற மனிசியை, எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிற இடத்தில் கொண்டுவந்து நிற்பாட்டியிருந்தார்கள் தருமவான்கள்.

"படத்தைப் போடாமல் விடுறன் அம்மா" என்றாள் சயந்தினி. "அரசாங்கத்தின்ரையாவது மிஞ்சும்."

"அது எப்ப வருமெண்டு விதானையாருக்கே தெரியாது." யோகம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "நீர் படத்தைப் போடும் பிள்ளை. என்ரை முகம்தானே, நான் சொல்லுறன். ஆனால் நடந்ததைக் கீழை எழுதும். தாங்கி வந்ததெண்டு எழுதாதையும், அது வரேல்லை."

"உங்களோடை கோவிப்பினம்."

"கோவிச்சால் என்ன, குடுத்ததைப் பறிக்கப்போகினமோ?"

மற்ற இரண்டு பெண்களையும் தேடிப்போனாள். இருவரும் அதே கதையைச் சொன்னார்கள், ஆனால் தங்கள் படம் வேண்டாம் என்றார்கள். ஆகவே ஒரு படம்தான். அலுவலகத்துக்குத் திரும்பி அவள் எழுதிய குறிப்பைத் தயாபரன் இரண்டுமுறை வாசித்தார்.

'இறுப்பிட்டி யோகம்மாவின் முற்றத்தில், இந்தப் படத்துக்காக மட்டும் இரவலாக வைக்கப்பட்ட தண்ணீர்த் தாங்கி. படம் எடுத்தபின் இது ஏற்றிச் செல்லப்பட்டது. இதே தாங்கி மேலும் இரு வீடுகளில் வைத்துப் படமெடுக்கப்பட்டது. மூன்று குடும்பங்களுக்கும் இதுவரை தாங்கி கிடைக்கவில்லை.'

"விளம்பரம் போச்சு" என்றார்.

"ஓம் சேர். ரஜீபனின்ரை குறிப்போடை போட்டால் பேப்பர் போகும். பேப்பர் கையிலை கிடைச்ச அண்டே இறுப்பிட்டிச் சனம் சிரிக்கும். அவைக்குத் தெரியாத தாங்கியோ?"

மானம் போகும் என்றால் அவர் அசைந்திருக்கமாட்டார். சனம் பேப்பர் வாங்காது என்பது அவருக்கு விளங்கியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையாட்டினார்.

பேப்பர் வெளியான அன்று கனடாவில் விடிந்ததும் தயாபரனின் போன் அடிக்கத் தொடங்கியது. சங்கத் தலைவர் முதலில் வழக்குப் போடுவேன் என்றார். பிறகு சதி என்றார். பிறகு அங்கத்தவர்கள் தன்னைக் கேள்வி கேட்டுத் துளைக்கிறார்கள் என்றார். கடைசியில் குரல் இறங்கி, தாங்கிக்குச் சேர்த்த காசு போன வருசத்திலிருந்தே சங்கத்தின் கணக்கில்தான் இருக்கிறது, உடனே அனுப்புகிறேன் என்றார். இத்தனை காலமும் அந்தக் காசு ஒரு படத்துக்காகக் காத்துக்கொண்டு கிடந்ததாம்.

அடுத்த கிழமை ரஜீபனிடமிருந்து செய்தி வந்தது: மூன்று தாங்கிகளும் இன்று வழங்கப்படுகின்றன. சயந்தினி அவன் எழுத்தை நம்பவில்லை, திரும்பவும் ஸ்கூட்டியை எடுத்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது யோகம்மாவின் முற்றத்தில் கல் அடுக்கி, அதன்மேல் புதுத் தாங்கியை ஏற்றியாயிற்று. குழாயும் பூட்டியிருந்தது. ரோட்டில் பவுசரின் சத்தம் கேட்டது.

ரஜீபன் பதாகையை வேலியில் கட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் கமரா தொங்கியது. சயந்தினியைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான்.

"அம்மா, இதிலை வந்து நில்லுங்கோ. தாங்கியிலை கையை வையுங்கோ" என்றான். "தலைவர் கட்டாயம் கேட்டவர்."

யோகம்மா நிற்கவில்லை. பவுசர்காரனுக்குப் படலையை அகலத் திறந்துவிட்டு, வழியில் தொங்கிய பதாகையின் ஒரு முனையை அவிழ்த்து ரஜீபனின் கையில் கொடுத்தாள்.

"படம் முந்தியே எடுத்திட்டியள்தானே தம்பி" என்றாள். "அதிலை நான் சிரிச்சும் குடுத்திருக்கிறன். அதையே அனுப்பிவிடும்."