வட்டத்துக்குள் இருந்த எண்

மாலைப் பத்திரிகை அலுவலகத்தில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் பாதியாக்கித்தான் விடுவான். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட மாப்பிள்ளை பெயரை வெட்டிவிட்டுத்தான் திருப்பித் தருவான் என்று பக்கம் போடும் அக்கா சொல்வாள். அவனுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரப் பெருமைதான்.

அன்று காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத தூறல். ஜன்னல் கண்ணாடியில் எதிர்க் கட்டடம் கரைந்துபோயிருந்தது. ஒன்பதரை மணிக்கு அந்த அறிவிப்பு வந்தது. குழந்தைகளுக்கான பால்பவுடர். ஆலையில் நடந்த பரிசோதனையில் மூன்று தொகுதிகளில் கிருமி இருப்பது தெரிந்திருக்கிறது. 6114, 6115, 6118. அந்த டப்பாக்களை நிறுவனம் திரும்பப் பெறுகிறது.

அடுத்தவர் எழுத்தை வெட்டுகிறவன் என்பதால் கவனமில்லாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். நிருபர் '6114 முதல் 6118 வரை' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததுமே அவனுக்குச் சுருக்கென்றது. நடுவில் இருக்கும் இரண்டின் கதி என்ன? அறிவிப்பில் இருந்த எண்ணுக்குத் தானே போன் போட்டுக் கேட்டான். 6116, 6117 வேறு இயந்திரத்தில் நிரப்பியவை, அவற்றில் கோளாறு இல்லை என்றார்கள். மூன்று எண்களையும் தனித்தனியாக எழுதினான். பிறகு, என்ன செய்ய வேண்டும் என்பதை நாலு வரியில் அடக்கினான். இந்த எண்கள் உள்ள பவுடரைக் கொதித்த நீரில் கரைத்தும் கொடுக்கக் கூடாது. டப்பாவை மூடித் தனியாக வைத்து, வாங்கிய கடையில் திருப்பித் தர வேண்டும், ரசீது தேவையில்லை. ஏற்கெனவே குடித்த குழந்தைக்குக் காய்ச்சல், சோர்வு, பால் குடிக்க மறுப்பது என்று எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசலாம்.

"படம் வேணும்பா," என்றாள் பக்கம் போடும் அக்கா. "கம்பெனி அனுப்பினதுல குழந்தை சிரிக்குது. இந்தச் செய்திக்கு அது சிரிச்சா நல்லாவா இருக்கும்?"

"நம்பர் டப்பாவோட அடியில இருக்குமாம். எத்தனை பேருக்குத் தெரியும்? அடியைப் படம் எடுத்துப் போடுவோம்."

டப்பாவுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அதே பால்பவுடர் டப்பா ஒன்று அவன் மேஜையிலேயே இருந்தது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் தங்கை, குழந்தை குடித்து முடித்த முதல் டப்பாவைக் கழுவிக் கொடுத்திருந்தாள். ஆபீஸ் டீக்குச் சர்க்கரை போட்டு வைத்திருந்தான். சர்க்கரையைக் காகிதத்தில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கவிழ்த்துப் படம் எடுத்துவிட்டுச் சர்க்கரையைத் திரும்பப் போட்டார்கள். அடியில் 5902 என்று அச்சாகியிருந்தது. பல மாதப் பழைய டப்பா. அதற்கும் இந்த அறிவிப்புக்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படமானாலும் முக்கியமான இடத்தில் சிவப்பு வட்டம் போடுவார்கள். பள்ளத்தில் கவிழ்ந்த லாரிக்கும் வட்டம், கூட்டத்தில் நிற்கும் திருடனுக்கும் வட்டம். அக்கா பழக்க தோஷத்தில் 5902-ஐச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டாள். கீழே அவன், 'எண் இருக்கும் இடத்தைக் காட்டவே இந்தப் படம். இதிலுள்ள எண் பாதிக்கப்பட்டதல்ல' என்று எழுதினான். பக்கத்தை ஓட்டிப் பார்த்தபோது இரண்டு வரி பிதுங்கியது. போன் எண்ணை வெட்ட முடியாது. டாக்டரை வெட்ட முடியாது.

"படந்தான் பேசுதே, அதுக்கு எதுக்கு விளக்கவுரை?" என்று சொல்லிப் படத்துக்குக் கீழே இருந்ததை வெட்டினான். பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கீழ்த்தளத்தில் மெஷின் ஓடத் தொடங்கியது. முதல் பதிப்பு வண்டி ஏறிப் போனபிறகு வரும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அவனுக்குப் பிடித்த நேரம். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். மெஷின் நின்ற பிறகும் தரை அதிர்வது போலவே காலுக்குத் தோன்றும். வெளியே தூறல், உள்ளே மைவாசனை. அறை முழுவதும் மெல்லத் தண்ணீரில் மிதந்து எங்கோ போய்க்கொண்டிருப்பது போலிருந்தது. கண் தானாகச் சொக்கியது. அரைத் தூக்கத்தில் யாரோ டப்பாவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அது கனவா, டீ கொண்டுவந்த அம்மாள் சர்க்கரை எடுத்ததா என்று தெரியவில்லை.

போன் அடித்தது. தங்கை.

"அண்ணே, இப்பதான் பேப்பர் பாத்தேன். வயித்துல பாலை வார்த்தே போ."

"ஏன், என்ன?"

"நம்ம சிட்டு குடிக்கிற பவுடர்தானே அது. தலைப்பைப் பாத்ததும் டப்பாவைக் கவிழ்த்துப் பாத்தேன். நல்லவேளை, நீங்க வட்டம் போட்ட நம்பர் எங்க டப்பாவுல இல்ல."

அவனுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. நல்லது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் எதுவோ தடுத்தது.

"உன் டப்பாவுல என்ன நம்பர் இருக்கு?"

"இரு... ஆறு, ஒண்ணு, ஒண்ணு, அஞ்சு. உங்க படத்துல அஞ்சாயிரத்துச் சொச்சம்ல இருக்கு?"

தூக்கம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. மேஜைமேல் டப்பா இருந்தது. அதன் அடி மேஜையைத் தொட்டுக்கொண்டு, எதுவும் தெரியாதது போல உட்கார்ந்திருந்தது.

"அம்மாடி, நான் சொல்றதைக் கேளு. குழந்தைக்குக் குடுத்துட்டியா?"

"கரைச்சு வச்சிருக்கேன். தூங்குது. எழுந்ததும் குடுக்கணும்."

"கொட்டிடு. அந்தப் படம் நம்ம பழைய டப்பா. நம்பர் எங்க இருக்குன்னு காட்டத்தான் போட்டோம். கெட்டுப்போனது உன்னோடதுதான். கீழே எழுதியிருக்கே, படிக்கலையா?"

"நம்பர் பெருசா படத்துல இருக்கும்போது கீழ எதுக்கு அண்ணே படிக்கணும்?" அவள் குரல் மெலிந்தது. "முந்தாநாள்லேர்ந்து இதைத்தான் குடுத்துட்டிருக்கேன்."

"குழந்தையை எழுப்பு."

"என்ன?"

"எழுப்பிப் பாரு. உடம்பு சுடுதா, முழிக்குதான்னு பாரு. போனை வைக்காதே."

அவள் போனை எங்கோ வைத்தாள். நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டுத் தூறலும் இந்த ஆபீஸ் ஜன்னல் தூறலும் ஒன்றாகிக் காதில் விழுந்தன. அவன் பயந்தான். வாழ்க்கையில் அதுவரை அப்படிப் பயந்ததில்லை. ஐந்து மாதக் குழந்தை. எப்போதாவது அவனைப் பார்த்துக் காரணமே இல்லாமல் சிரிக்கும். எத்தனை நேரம் ஆனதென்று தெரியவில்லை. சுவர்க் கடிகாரம் ஒரே நிமிடத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அழுகை கேட்டது. தூக்கத்தைக் கெடுத்தவர்கள்மேல் வரும் நியாயமான கோபத்தோடு, வீறிட்ட அழுகை.

"சுடல அண்ணே. நல்லாத்தான் கத்துறா," என்றாள் தங்கை, அவளும் அழுதுகொண்டே.

"இருந்தாலும் டாக்டர்கிட்ட இப்பவே போ. என்ன குடுத்தே, எத்தனை நாளாக் குடுத்தேன்னு நம்பரோட சொல்லு. டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதே."

போனை வைத்ததும் நேரே ஆசிரியர் அறைக்குப் போனான். மூன்றரைக்கு இரண்டாம் பதிப்பு. நடந்ததைச் சொல்லி, அதற்குள் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றான். ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியை முழுக்கப் படித்தார்.

"எண்ணெல்லாம் சரியாத்தானேய்யா இருக்கு? படிக்காதவன் தப்புக்கு நாம என்ன பண்றது? வேணும்னா நாளைக்கு உள்பக்கத்துல ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

அவன் வாதாடவில்லை. டம்ளர் எடுக்க வந்த டீ அம்மாளைக் கூப்பிட்டுப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தான்.

"அம்மா, இது என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அந்த அம்மாள் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "வட்டம் போட்டிருக்கே, அந்த நம்பர் பால் டப்பா ஆகாதாம். நம்ம சர்க்கரை டப்பாகூட இதேதான் தம்பி. அதான் பேப்பர் வந்தப்பவே சர்க்கரையைக் கீழ கொட்டிட்டேன்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் பதிப்பு எத்தனை போயிருக்கு?"

"நாப்பதாயிரம்."

"படத்தைத் தூக்கிடு. திருத்தத்தை முதல் பக்கத்துலயே போடு. தப்பு நம்மோடதுன்னு தெளிவா எழுது. கடைக்குக் கடை தொங்கவிடற போஸ்டர்ல இன்னிக்கு என்ன?"

"நடிகை விவாகரத்து."

"அவங்க நாளைக்குப் பிரிஞ்சுக்கட்டும்."

போஸ்டரில் மூன்று எண்களை மட்டும் அச்சடித்தார்கள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கீழே, 'இந்தப் பால்பவுடர் கொடுக்காதீர்கள். படத்தில் வந்த எண் தவறு.' அக்கா ஒரு வட்டமும் போடவில்லை. அந்த நிறுவனத்துக்கும் போன் செய்து, படத்தால் குழம்பியவர்கள் பேசினால் என்ன சொல்ல வேண்டும் என்று விளக்கினான்.

ஐந்து மணிக்குத் தங்கை வீட்டுக்கு நடந்தான். தூறல் விடவில்லை. கடைக்குக் கடை அந்த மூன்று எண்களும் ஈரத்தில் தொங்கின. வேறு ஏதோ ஊரின் கதவிலக்கங்கள் போலிருந்தன. ஒரு வாசலில் ஒருவன் பால் டப்பாவைத் தலைக்குமேல் தூக்கி அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாடி ஜன்னலில் ஒரு பெண், அதே போல. மருந்துக் கடை முன்னால் ஏழெட்டுப் பேர், எல்லோர் கையிலும் கவிழ்த்த டப்பா. தெருவே தண்ணீருக்கடியில் இருப்பது போல எல்லோரும் மெதுவாகத் திருப்பினார்கள், மெதுவாகப் படித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் மதியப் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். கத்தரி நின்று, போஸ்டரைக் காட்டி, அவர் டப்பாவை வாங்கிப் பார்த்தான். 6117. "உங்களோடது நல்லதுதான் ஐயா," என்றான். அவர் நம்பாமல் மூன்று எண்களையும் மறுபடி வாய்விட்டுப் படித்தார். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

தங்கை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, சில நாள் கவனமாகப் பார்க்க வேண்டும், காய்ச்சல் வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, வேறு பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார். கடையில் திருப்பித் தர வேண்டிய டப்பா மூடியோடு அலமாரி உச்சியில் இருந்தது. சிட்டு அவனை முறைத்துப் பார்த்தாள். எழுப்பச் சொன்னவன் இவன்தான் என்று தெரிந்துவிட்டதோ என்னவோ.

மேஜையில் ஒரு நோட்டு விரிந்திருந்தது. பெயர் போடாமல் வரும் அவன் செய்திகளை, எது அவன் கைவண்ணம் என்று கேட்டுக் கேட்டுத் தங்கை வெட்டி ஒட்டி வைக்கும் நோட்டு. அந்த நோட்டை நினைத்தால் அவனுக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். இன்றைய பக்கத்தில் மதியச் செய்தி, படத்தோடும் வட்டத்தோடும் ஒட்டியிருந்தது. பசை காய்ந்துவிட்டது.

"பேப்பர் வந்ததும் ஒட்டினேன்," என்றாள். "அப்புறந்தான் உனக்குப் போன் பண்ணேன். கிழிச்சிடவா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

பேனாவை எடுத்து, படத்துக்குக் கீழே இருந்த சிறிய இடத்தில் நுணுக்கி எழுதினான். எண் இருக்கும் இடத்தைக் காட்டவே இந்தப் படம். இதிலுள்ள எண் பாதிக்கப்பட்டதல்ல.

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். போனில் அவன் கேட்டது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"கீழ எழுதியிருக்கு, படிக்கலையான்னு கேட்டியே. இதுதானா அது? நான் தேடிப் பாத்தேன், இல்லையே."

"எழுதியிருந்தேன்."

"அப்புறம்?"

"நான்தான் வெட்டிட்டேன்."