எட்டாயிரம் கிலோ ஜூல்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. ஆசிரியர் அறையில் பத்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த உயிரியல் டீச்சரின் மடியில் ஒரு தாள் விழுந்தது. யாரோ ஒரு மாணவி நான்காக மடித்து வைத்து மறந்த தாள். ‘ஒரே பக்கத்தில் சூழலியல்’ என்று தலைப்பு. மூலையில் ஒரு டியூஷன் சென்டரின் முத்திரை. அதை நடத்துவது அவள் கணவர்.

மூன்று படங்கள். முதலில் உணவுச் சங்கிலி: செடி, கம்பளிப்பூச்சி, சிட்டுக்குருவி, பருந்து. அடுத்து ஆற்றல் பிரமிடு: அடித்தட்டில் உற்பத்தியாளர்கள், எட்டாயிரம் கிலோ ஜூல், மேலே எண்ணூறு, எண்பது, உச்சியில் எட்டு. கடைசியாக வழிமுறை வளர்ச்சி, தரிசு இடம் படிப்படியாகக் காடாவது: வெறும் பாறை, அதில் படரும் லைக்கன், மாஸ் பாசி, புல், புதர், மரம்.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தாள். புதன்கிழமை நடக்கவிருந்த தேர்வுக்கு வினாத்தாள் அமைத்தவள் அவள். அதில் இந்த மூன்று படங்களும் இருந்தன. பாடப்புத்தகத்தில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு. பிரமிடு பத்தாயிரத்தில் தொடங்கும். கம்பளிப்பூச்சியும் எட்டாயிரமும் அவளுடைய வினாத்தாளில் மட்டும்தான். அந்த வினாத்தாள் இரண்டு இரவுகளாக அவள் கைப்பையில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

போன வருடம் கணக்கு வினாத்தாள் வெளியே போனது. அதை அமைத்த ஆசிரியை ஒரே வாரத்தில் வேலையை விட்டுப் போனார். அவர் பேரை இப்போது யாரும் எடுப்பதில்லை.

வீட்டில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன டீச்சரம்மா, முகம் வாட்டமா இருக்கு?”

“ஒண்ணுமில்ல. உங்க பிள்ளைங்கள்லாம் ரெடியா?”

“ரெடியாவது! அம்பு எந்தப் பக்கம் போடணும்னு இன்னும் பாதிப் பேருக்குத் தெரியல. பருந்துலேருந்து குருவிக்கு அம்பு போடறான். ஏன்டான்னா, பருந்துதானே சார் பாயுதுங்கறான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அம்பு பாயறதக் காட்டல, சக்தி போற பக்கத்தக் காட்டுதுன்னு சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னேன். அப்ப குருவி ஏன் சார் ஓடுதுன்னு கேக்கறான்.”

அவர் அவளை நேராகப் பார்த்துத்தான் பேசினார். பொய் சொல்பவர்களும் நேராகப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கல்யாணமான பதினொரு வருடத்தில் முதல் முறையாக அப்படித் தோன்றியது. அவர் குளிக்கப் போனதும் பென்சில் சீவிய சுருள் ஒன்றைக் கைப்பையின் மடிப்பில், ஜிப்புக்கு மேல் வைத்தாள். பையைத் திறந்தால் அது விழுந்துவிடும். தன் வீட்டிலேயே திருடனுக்குக் கண்ணி வைக்கிறோமே என்று கூசியது. எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் சுருள் அப்படியே இருந்தது. பார்க்க வேண்டியதை முன்பே பார்த்தவர் மறுபடி எதற்குத் திறக்கப் போகிறார்?

மதியம் சொல்லாமல் டியூஷனுக்குப் போனாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பலகையில் அவர் பருந்து வரைந்துகொண்டிருந்தார். இடது பக்கம் பார்க்கும் பருந்து. வளைந்த மூக்கு, குச்சிக் கால். அது அவள் வரையும் பருந்து. அவளுக்கு வலது பக்கம் பார்க்கும் பறவை வரைய வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

வகுப்பு கலைந்ததும் மாணவியின் தாளை அவர் மேசையில் வைத்தாள்.

“இது எங்கிருந்து வந்துச்சு?”

“பிள்ளைங்களுக்கு நான் குடுத்தது. ஏன்?”

“என் பையிலேருந்து எடுத்தீங்களா?”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அலமாரியைத் திறந்தார். பழைய கோப்பு ஒன்றிலிருந்து பழுப்பேறிய தாளை எடுத்து அவள் முன்னால் தள்ளினார். அதே மூன்று படங்கள். அவள் கையெழுத்து.

“நான் கணக்கு வாத்தி. நாம ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்ல இருந்தப்ப, உயிரியல் சார் லீவுன்னு என் தலையில அந்த வகுப்பக் கட்டுனாங்க. ஒரே பக்கத்துல சுருக்கிக் குடுங்கன்னு உன்கிட்ட கெஞ்சினேன். எட்டாவது பீரியட்தானே, எட்டாயிரம்னு வெச்சுக்கலாம்னு சொன்னது யாரு? அதையேதான் வருஷா வருஷம் ஜெராக்ஸ் போடறேன்.”

டீச்சர் தாளைத் தடவிப் பார்த்தாள். இத்தனை வருடம் கழித்து வினாத்தாளை யோசித்து யோசித்து எழுதியதாக நினைத்திருந்தாள். கை பழைய தாளையே மறுபடி எழுதியிருந்தது.

“கேக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை யோசிச்சிருக்கலாம்,” என்றார் அவர். வீடு வரை அவளுக்கு முன்னால் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு சூழலியல் கேள்வியைப் புதிதாக எழுதினாள். தீயில் கருகிய காட்டைப் போட்டாள். மண் அப்படியே இருக்கிறது, முதலில் முளைப்பவை எவை, லைக்கன் ஏன் தேவையில்லை, படம் வரைந்து பாகங்களைக் குறி. உச்சியில் இருக்கும் பருந்துக்கு ஐந்து கிலோ ஜூல் கிடைத்தால் கீழே ஒவ்வொரு தட்டிலும் எவ்வளவு? ஐம்பது, ஐந்நூறு, ஐயாயிரம் என்று இறங்க வேண்டும். பழைய தாளை மனப்பாடம் செய்தவர்கள் பாறையிலேயே முட்டிக்கொண்டு நிற்பார்கள். வினாத்தாளை உறையிலிட்டுப் பையில் வைத்து, ஜிப்புக்கு மேல் மறுபடி சுருளையும் வைத்தாள்.

இரவுச் சாப்பாட்டில்தான் அவர் பேசினார்.

“மாத்திட்டியா?”

“ம்.”

“பாறையத் தூக்கிட்டு எரிஞ்ச காடு போட்டிருப்ப. பிரமிட மேலேருந்து இறங்கச் சொல்லியிருப்ப.”

சோற்றைப் பிசைந்த அவள் விரல்கள் நின்றன. “பையத் திறந்தீங்களா?”

“எதுக்குத் திறக்கணும்? கோவம் வந்தா நீ எதையும் தலைகீழாத்தானே செய்வ.”

எழுந்து போய்ப் பையைப் பார்த்தாள். சுருள் வைத்த இடத்தில் இருந்தது. அதன் முனை ஜன்னல் பக்கம் இருக்கும்படி வைத்தது நினைவிருந்தது. இப்போதும் முனை ஜன்னல் பக்கம்தான்.

திரும்பி வந்து கேட்டாள். “நாளைக்கு எரிஞ்ச காட்ட நடத்துவீங்களா?”

“பாடத்துல இருக்கறதத்தானே நடத்தறேன். அதுவும் தப்பா?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். விடிய விடியப் புரண்டு படுத்தாள்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியையின் மேசையில் உறையை வைத்தாள்.

“மேடம், சூழலியல் கேள்விய மட்டும் ஒன்பதாம் வகுப்பு டீச்சர் அமைக்கட்டும். என் வீட்டுக்காரர் டியூஷன் நடத்தறார்.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “வினாத்தாள அவர் பாத்துட்டாரா?”

“இல்ல மேடம். பாக்கல.”

“அப்ப என்ன?”

“பாக்காமலே அவருக்குத் தெரியுது.”

தலைமையாசிரியை அவள் முகத்தையே பார்த்தார். டீச்சருக்கு அந்தப் பார்வை தெரிந்த பார்வை. இஸ்திரிப் பெட்டியோடு நின்ற மனிதரை வெள்ளிக்கிழமை அவள் பார்த்த அதே பார்வை.

“எழுதிக் குடுங்க,” என்று வெள்ளைத்தாள் ஒன்றை நகர்த்தினார். “நடந்தது எதையும் விடாம.”

டீச்சர் பேனாவைத் திறந்தாள். தேதியைப் போட்டாள். ‘என் கணவர் வினாத்தாளைப் பார்க்கவில்லை’ என்று எழுதினாள். படித்துப் பார்த்தபோது அவளாலேயே அதை நம்ப முடியவில்லை.

அடுத்த வரியில் பழைய பழுப்புத் தாளைப் பற்றி எழுதத் தொடங்கினாள்.