மூடிக்கு 0.1

"வாத்தியாரம்மா, ஒரு தடவை பாத்துடுங்க" என்று என் கணவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். வெளியே போகும் எந்த மெயிலையும் நான் படிக்காமல் அவர் அனுப்பமாட்டார். கேலிக்குத்தான் அந்தப் பட்டம், மரியாதையும் கேலியில் சேர்த்திதான்.

மெயில், பொருட்களை 3டி பிரிண்ட் செய்து தரும் கம்பெனிக்கு. பொருள், நைலான் பவுடர், கறுப்புச் சாயம். டாலரன்ஸ், எல்லா அளவுகளிலும் கூடவோ குறையவோ 0.3 மில்லிமீட்டர். எண்ணிக்கை, பெட்டி அறுபது, மூடி அறுபது. டெலிவரி, இருபத்திரண்டாம் தேதி மாலைக்குள். நான்கே வரி. நான் ஒரு காற்புள்ளி வைத்தேன். பிறகு, சும்மா இருந்திருக்கலாம், ஒரு கேள்வி கேட்டேன்.

எங்கள் மேஜை பிரிண்டரில் அவர் எடுத்த மாதிரிப் பெட்டி பக்கத்தில் கிடந்தது. படுக்கையில் இருப்பவர்கள் நர்ஸைக் கூப்பிடும் மணிக்கான பெட்டி, உள்ளங்கை அகலம். உள்ளே போகும் சர்க்யூட் என் வேலை, வெளிக்கூடு அவர் வேலை. கையில் எடுத்து ஆட்டினேன். மூடி கடகடவென்றது.

"அறுபதும் இப்படிக் கடகடன்னு ஆடுமா?"

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். "சரி, மூடி உக்கார்ற எடத்துக்கு மட்டும் 0.1ன்னு போட்டுடறேன். உனக்கு நிம்மதி. பவுடர் அக்கா திட்டட்டும்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். அப்போது காலை பதினொன்று இருபது. விரலில் ஒட்டிக்கொண்டிருந்த பசையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அதைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். பசை கையில் ஒட்டினால் அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

அங்கே நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தொன்பது வயது. மருத்துவமனையில் அவருடைய சட்டைப் பையிலிருந்ததை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், நான்கு திருகாணிகள். எண்ணிப் பார்த்தேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து லேப்டாப்பைத் திறந்தேன். மின்சாரக் கட்டணத்துக்கோ எதற்கோ. பவுடர் அக்காவின் பதில் மேலேயே இருந்தது. அவரை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. பிரிண்ட் கம்பெனியில் நைலான் மெஷின் அவர் பொறுப்பு. ஆறு வருடமாகப் போனிலும் மெயிலிலும்தான் பழக்கம். எங்கள் வீட்டில் அவர் பெயர் பவுடர் அக்கா.

"சார், மூடிக்கு 0.1ஆ? நைலான்ல 0.3க்குக் கீழ எதிர்பாக்காதேன்னு எனக்கே பாடம் எடுத்தவர் நீங்க. உடம்பு ஏதும் சரியில்லையா? 0.1 கட்டாயம்னா ரெசினுக்கு மாத்தணும். நைலான்தான்னா 0.3. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, மெஷின்ல இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

வந்த நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு. அந்த நேரத்தில் நான் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தேன். 'உடம்பு ஏதும் சரியில்லையா' என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. அழவில்லை. காதுக்குள் காற்று அடைத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தடுத்த நாட்களில் இரண்டு நினைவூட்டல்கள் வந்திருந்தன. இரண்டாவதில் கேலி இல்லை. இன்று மதியத்துக்குள் சொல்லாவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று இருந்தது.

மணிகளைக் கேட்டிருந்த முதியோர் இல்லம் இருபத்தைந்தாம் தேதி திறக்கிறது. அறுபது படுக்கை. சர்க்யூட் அறுபதும் நான் சால்டர் செய்து அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். கூடு இல்லாமல் அவை வெறும் பச்சை அட்டைகள். மணி இல்லாமல் நோயாளிகளை அனுமதிக்க முடியாது என்று இல்லத்தின் மேலாளர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதைவிட, என் கணவர் கடைசியாக வரைந்து முடித்த பொருள் இது. இது கைக்கு வராமலே போய்விடுமோ என்ற பயம்தான் என்னை நாற்காலியில் உட்கார வைத்தது.

எழுதினேன்: "மெயிலில் உள்ளபடி 0.1 வேண்டும். அதற்கு எந்தப் பொருள் தேவையோ அதில் செய்யவும்." அவர் இறந்ததைச் சொல்லவில்லை. அவர் கணக்கிலிருந்துதான் அனுப்பினேன்.

அது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. அவர் எழுதிய கடைசி வரி 0.1. அதில் ஒரு எண்ணை மாற்ற எனக்குக் கை வரவில்லை. மேலே அவரே தெளிவாக எழுதியிருந்த 'நைலான்' என்ற சொல்லை மாற்றுகிறேன் என்பது மட்டும் எப்படியோ உறைக்கவில்லை.

பவுடர் அக்கா விவரமானவர். அறுபதையும் அடிக்காமல், முதலில் மூன்று ஜோடி மட்டும் ரெசினில் செய்து அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பதில் எழுதினார். கூரியர் மூன்றாம் நாள் வந்தது.

பிரித்தவள் என் ஓரகத்தி. வாரத்தில் மூன்று நாள் வந்து பெட்டிகளைப் பொருத்தித் தருவது அவள் வேலை. அந்த நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்திருந்தாள். ரெசின் பெட்டிகள் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தேன். நீளம், அகலம், மூடியின் விளிம்பு. வரைபடத்தில் உள்ளதற்கும் கையில் உள்ளதற்கும் 0.1கூட வித்தியாசம் இல்லை. மூன்றிலும்.

மூடியைப் போட்டு ஆட்டினேன்.

கடகடவென்றது.

ஓரகத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் இன்னொன்றை எடுத்து ஆட்டினேன். அதே சத்தம், அதே அளவு. அளவு துல்லியமாக இருக்கிறது, மூடி ஆடுகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்?

"அக்கா, இது கட்டில் மேலேருந்து விழுமே" என்றாள் அவள். நான் தடுப்பதற்குள் மேஜை உயரத்திலிருந்து ஒன்றைக் கீழே விட்டாள். மூலை தெறித்து அலமாரிக்கு அடியில் போனது. மூடியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இரண்டும் உடைந்து கிடந்தன. அவள் குனிந்து பொறுக்கினாள். "மாமா இதை ஒத்துக்கவே மாட்டாருக்கா. அவரு என் கையில நைலான் பெட்டியைக் குடுத்து, ஓங்கி அடி, உன் புருஷன்னு நெனச்சுக்கோன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

அவருடைய வரைபட ஃபைலை அதுவரை நான் திறந்ததில்லை. திறந்தேன். பெட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்க்கும் படம் ஒன்று இருந்தது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே சுற்றிலும் 0.35 இடைவெளி. இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.7. பெட்டி 0.3 சிறுத்து, மூடி 0.3 பெருத்து வந்தாலும் 0.1 மிச்சம் இருக்கும், மூடி இறங்கிவிடும். அதாவது எவ்வளவு மோசமாக வந்தாலும் மூடும்படி அவர் முதலிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மிச்ச இடைவெளிக்கு மூடியின் விளிம்பில் ஒரு சின்னக் காடி, கோடாக ஓடும் பள்ளம். அதற்குப் பக்கத்தில் அவர் குறிப்பு: 'சிலிகான் கயிறு, 2 மி.மீ., இங்கே. ஆட்டம் இதனால் நிற்கும். தண்ணீரும் போகாது.'

கயிற்றுச் சுருள் அவருடைய இழுப்பறையிலேயே இருந்தது. ஒரு துண்டு நறுக்கி ரெசின் மூடியின் காடியில் பதித்து மூடினேன். ஆட்டினேன். சத்தமே இல்லை.

மூடி ஆடியதற்கும் டாலரன்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. அவருக்கு அது தெரியும். அன்று காலையில் வாயெடுத்தது அதைச் சொல்லத்தான் இருக்க வேண்டும். சொன்னால் நான் இன்னும் பத்துக் கேள்வி கேட்பேன், மெயில் போக நேரமாகும். பவுடர் அக்கா முடியாது என்று எழுதுவார், சரி என்று 0.3க்கு மாற்றிவிடலாம், அதற்குள் கயிறு போட்ட மூடியை என்னிடம் காட்டிவிடலாம். என் மன நிம்மதிக்காக அவர் போட்ட அந்த எண் அரை நாள்கூட நிற்காது என்று அவருக்குத் தெரியும். அதைத்தான் நான் கல்வெட்டு மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனிலிருந்து பவுடர் அக்காவை அழைத்தேன். மெஷின் இரைச்சலுக்கு நடுவே, "சார் என்ன, குரல் மாறிடுச்சு" என்று சிரித்தார். நான் யாரென்று சொன்னேன். அவர் இறந்தது எந்த நாள், எத்தனை மணி என்றும் சொன்னேன்.

எங்கேயோ கதவு சாத்தப்பட்டு இரைச்சல் நின்றது.

"நான் அன்னிக்கு…" என்று ஆரம்பித்தார். "உடம்பு சரியில்லையான்னு நான்…"

"தெரியாமத்தானே எழுதினீங்க."

"அவருக்கு நான் எப்பவும் அப்படித்தாம்மா எழுதுவேன்." பிறகு கேட்டார், "இப்ப நான் என்ன செய்யணும்?"

நைலான், எல்லா இடத்திலும் 0.3, அறுபது ஜோடி என்றேன். தேதியைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் என்னால் வீணாகியிருந்தது. அவரே சொன்னார். மறுநாள் காலை மெஷினின் பவுடர் அறை ஒரு சுற்று ஓடுகிறது. அதில் வேறொருவரின் பெரிய பாகங்கள், நடுவே இடம் இருக்கிறது. எங்கள் பெட்டிகளை வாய் மேலாக அடுக்கி, மூடிகளைப் பெட்டிச் சுவரில் படாமல் அவற்றுக்குள்ளேயே சாய்த்து வைத்தால் அறுபதும் அடங்கும். ஓடி முடிய ஒரு நாள், பவுடர் ஆற ஒரு நாள், உதிர்த்துச் சாயம் போட ஒரு நாள். சூட்டோடு திறந்தால் வளைந்துவிடும், அதை மட்டும் அவசரப்படுத்தக் கேட்காதீங்க என்றார். நான் கேட்கவில்லை.

அன்று மாலை மெயிலை மறுபடி எழுதினேன், என் பெயரில். நான்கு வரி. காற்புள்ளியைப் பார்த்துத்தர யாருமில்லை. அப்படியே அனுப்பினேன்.

பெட்டிகள் இருபத்து மூன்றாம் தேதி மதியம் வந்தன, ஒரு நாள் தாமதம். கறுப்பு, தொட்டால் சொரசொரப்பு. நானும் ஓரகத்தியும் கயிறு பதித்து, சர்க்யூட் வைத்து, மூடி அழுத்தினோம். இரண்டு மூடிகள் இறுக்கமாக இறங்கின, மற்றவை சும்மா. ஒன்றுகூட ஆடவில்லை. இருபத்து நான்காம் தேதி மாலை அறுபது கட்டிலிலும் மாட்டிவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு அந்த ஃபைலிலிருந்து நானூறு பெட்டிகளுக்கு மேல் எடுத்துவிட்டேன். அவர் வரைந்ததில் எதையும் மாற்றத் தேவைப்படவில்லை. அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கிறேன். பெட்டியும் மூடியும் சேர்ந்து நாற்பத்தொரு கிராம்.