மாதுளை நிறப் புடவை

“கலர் இது இல்ல மேடம். என் கல்யாணப் புடவை மாதுளை நிறம்,” என்றார் சாஜிதா அக்கா.

சேலையூர் கேம்ப் ரோட்டில் என் ஸ்டூடியோ. அனகாபுத்தூர் வெள்ளத்தில் அவருடைய ஆல்பமும் புடவையும் போய், கல்யாணப் படங்களின் நெகட்டிவ் மட்டும் மிஞ்சியிருந்தது. அடுத்த மாதம் மகளின் நிக்காஹ்வுக்கு அதே நிறத்தில் புடவை எடுக்க வேண்டுமாம். திரையிலோ புடவை அழுக்குப் பழுப்பு, முகங்கள் நீலம்.

“எங்க வூட்டுக்காரரும் பழுப்புன்னுதான் சொல்றார். எனக்குத்தான் மறந்துடுச்சோ?”

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. கருப்பு ஓரம் கஸ்டமருக்குப் பிடிக்காதென்று, வழக்கம்போல் ஸ்கேனில் ஓரத்தை வெட்டிவிட்டு, தானாக நிறம் திருத்தும் ஆட்டோ கலரை அழுத்தியிருந்தேன். படம் முழுக்கப் புடவை. அந்தச் சிவப்பையே கறை என்று நினைத்து சாஃப்ட்வேர் கழித்துவிட்டது.

இம்முறை, இரண்டு படங்களுக்கு நடுவே வெளிச்சமே படாத இடைவெளியையும் சேர்த்து ஸ்கேன் செய்தேன். அங்கே ஃபிலிமின் சொந்த ஆரஞ்சு மட்டும்தான் இருக்கும். அதை அளந்து, படம் முழுவதையும் அந்த அளவால் வகுத்து, பிறகு நெகட்டிவின் நிறங்களைத் தலைகீழாக்கினேன். இடைவெளி சுத்தக் கருப்பானது. நீல முகங்களுக்கு ரத்த ஓட்டம் வந்தது.

புடவை மாதுளை முத்தாகச் சிவந்தது.

சாஜிதா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு போன் போட்டார்.

“கைனாத், கலர் கிடைச்சிடுச்சு. பழுப்புன்னு சொன்ன உங்க அத்தாகிட்ட போனைக் குடு முதல்ல.”